டாலர் கணக்கு ஸ்டேட்மென்ட்: மாதக் கடைசி மறுமதிப்பீட்டைச் சரிபார்ப்பது எப்படி?

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் கையில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் லெட்ஜர் ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்து “இதைக் கொஞ்சம் சரிபார்த்துவிடு” என்று சொல்வார்கள். அதில் டாலருக்கு ஒரு பத்தி, ரூபாய்க்கு ஒரு பத்தி இருக்கும். நடுவே டாலர் எதுவும் நகராமல் ரூபாய் மட்டும் ஏறி இறங்கும் சில வரிகள் கிடக்கும். பலரும் திகைத்து நிற்பது அந்த வரிகளில்தான். அவற்றைப் படிக்கவும் சோதிக்கவும் ஒரே ஒரு வாடிக்கையாளரின் இரண்டு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விகிதங்கள் கணக்குப் போட வசதியாக நானாக வைத்தவை. எந்த நாளின் உண்மை விலையும் அல்ல. ரூபாய் இருக்கும் இடத்தில் உங்கள் புத்தகம் எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு சொற்கள். வர வேண்டிய டாலர் வந்து சேர்ந்து, இன்வாய்ஸ் போட்ட நாளின் விகிதத்துக்கும் பணம் வந்த நாளின் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் உறுதியாகிவிட்டால் அது கைக்கு வந்த லாபம் அல்லது நட்டம். அலுவலகத்தில் ‘ரியலைஸ்டு’ என்பார்கள். பணம் இன்னும் வரவில்லை, ஆனால் மாதக் கடைசி விகிதத்தில் நிலுவையை மாற்றிப் பார்த்ததில், அதாவது மறுமதிப்பீட்டில், ஒரு வித்தியாசம் தெரிகிறது என்றால் அது ஏட்டளவில் நிற்பது, அதாவது ‘அன்ரியலைஸ்டு’. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 21-இன்படி, வசூலாக வேண்டிய தொகை போன்ற பண இனங்களைக் காலக் கடைசியின் இறுதி விகிதத்தில் மாற்றி, வித்தியாசத்தை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். இரண்டு வகையும் அங்கேதான் போகின்றன. பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். பணப்பாய்வு அறிக்கை தயாரிக்கும்போது ஏட்டளவு லாபம் பணமாக வந்ததல்ல என்பதால் அதைக் கழித்தாக வேண்டும். இது ஐஏஎஸ் 7 சொல்வது. சில நாடுகளின் வரிக் கணக்கிலும் இரண்டுக்கும் நடத்துமுறை வேறு. ஆகவே மொத்தம் சரியாக இருந்து பிரிவு தவறாக இருந்தாலும் தவறுதான்.

இனி ஸ்டேட்மென்ட். அதில் ரிவர்சல் என்பது, போன மாதக் கடைசியில் போட்ட மறுமதிப்பீட்டை அடுத்த மாத முதல் நாளில் அப்படியே திருப்பிப் போடும் வரி.

| தேதி | விவரம் | டாலர் | விகிதம் | ரூபாய் |
|---|---|---|---|---|
| மார்ச் 10 | இன்வாய்ஸ் 1 | +10,000 | 80.00 | +8,00,000 |
| மார்ச் 25 | பணம் வரவு (இன்வாய்ஸ் 1) | −4,000 | 81.50 | −3,26,000 |
| மார்ச் 25 | கைக்கு வந்த லாபம் | 0 | | +6,000 |
| மார்ச் 31 | மறுமதிப்பீடு | 0 | 82.00 | +12,000 |
| | மார்ச் நிலுவை | 6,000 | | 4,92,000 |
| ஏப்ரல் 1 | மறுமதிப்பீடு ரிவர்சல் | 0 | | −12,000 |
| ஏப்ரல் 8 | இன்வாய்ஸ் 2 | +5,000 | 82.40 | +4,12,000 |
| ஏப்ரல் 20 | பணம் வரவு (இன்வாய்ஸ் 1) | −6,000 | 81.00 | −4,86,000 |
| ஏப்ரல் 20 | கைக்கு வந்த லாபம் | 0 | | +6,000 |
| ஏப்ரல் 30 | மறுமதிப்பீடு | 0 | 81.20 | −6,000 |
| | ஏப்ரல் நிலுவை | 5,000 | | 4,06,000 |

முதலில் டாலர் பத்தி மட்டும்

ரூபாயைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். டாலர் பத்தியை மட்டும் கூட்டி, வாடிக்கையாளர் அனுப்பிய நிலுவை உறுதிக் கடிதத்தோடோ, நிலுவையில் உள்ள இன்வாய்ஸ் பட்டியலோடோ ஒப்பிடுங்கள். டாலரே பொருந்தாதபோது ரூபாயில் மல்லுக்கட்டுவது வீண் வேலை. மறுமதிப்பீடு, ரிவர்சல், கைக்கு வந்த லாபம் என்ற மூன்று வகை வரிகளிலும் டாலர் பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாராவது கையால் வவுச்சர் போடும்போது அந்த 12,000-ஐ டாலர் பத்தியிலும் தட்டிவிட்டால், வாடிக்கையாளர் தரவே வேண்டாத கடன் ஒன்று முளைத்துவிடும்.

இன்னொரு விஷயம். சில மென்பொருள்கள் மறுமதிப்பீட்டை வாடிக்கையாளர் கணக்கில் போடாமல் அதற்கென்று ஒரு தனிச் சரிக்கட்டல் கணக்கில் போடும். அப்படியானால் மார்ச் 31-இல் வாடிக்கையாளர் கணக்கில் 4,80,000-தான் தெரியும். மீதி 12,000 பக்கத்துக் கணக்கில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே அடுத்த சோதனைக்குப் போங்கள்.

ஒரே ஒரு வகுத்தல்

மாதக் கடைசி ரூபாய் நிலுவையை டாலர் நிலுவையால் வகுங்கள். மார்ச்சில் 4,92,000 ÷ 6,000 = 82.00. ஏப்ரலில் 4,06,000 ÷ 5,000 = 81.20. வருகிற விடை அந்த மாதத்தின் கடைசி நாள் விகிதமாக இருந்தே ஆக வேண்டும். எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இது. அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் பிடிபடாத தவறு குறைவு.

விடை 82.15 என்று வந்தால், பெரும்பாலும் யாரோ ஏப்ரல் 2-ஆம் தேதி உட்கார்ந்து மார்ச் மறுமதிப்பீட்டை ஓட்டியிருப்பார்கள், மென்பொருள் அன்றைய விகிதத்தை எடுத்திருக்கும். விகிதப் பட்டியலில் ஏப்ரல் 2-க்கு எதிரே 82.15 இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளின் விகிதத்தை எடுப்பது வழக்கம். எந்த வழக்கமானாலும் எல்லாக் கணக்குகளுக்கும் எல்லா மாதங்களுக்கும் அதுவே இருக்க வேண்டும். டாலர் கணக்குகள் பத்து இருந்தால் பத்திலும் வகுத்தல் விடை ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

ரிவர்சல் விடுபட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஏப்ரல் 1 வரி இல்லை, மற்றதெல்லாம் மேலே உள்ளபடியே என்று வையுங்கள். ஏப்ரல் முடிவில் ரூபாய் நிலுவை 4,18,000 என்று நிற்கும். 5,000-ஆல் வகுத்தால் 83.60. இந்த இரண்டு மாதத்தில் விகிதம் எங்கேயாவது 83.60-ஐத் தொட்டதா? இல்லை. அதிகபட்சமே 82.40-தான். எந்த நாளிலும் இல்லாத விகிதம் வருகிறதென்றால், பழைய மறுமதிப்பீடு ஒன்று அப்படியே தங்கிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வித்தியாசத்தை ரூபாயில் எடுங்கள்: 4,18,000 − 4,06,000 = 12,000. மார்ச் 31-இல் இருக்கிற அதே தொகை. இரண்டாவது இன்வாய்ஸ் இல்லாதிருந்தால் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும்: டாலர் நிலுவை பூஜ்யம், ரூபாயில் மட்டும் 12,000 தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் ரிவர்சல் வரியே இல்லாத ஸ்டேட்மென்ட் எல்லாம் தவறு என்று எண்ணிவிட வேண்டாம். சில அலுவலகங்கள் ரிவர்ஸ் செய்வதில்லை. மாதக் கடைசியில், இருக்கிற ரூபாய் நிலுவைக்கும் இருக்க வேண்டிய நிலுவைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் போடுவார்கள். நம் கணக்கில் அந்த வழியில் ஏப்ரல் 30-இல் −18,000 என்று ஒரே வரி வரும். ரிவர்சல் −12,000-ஐயும் மறுமதிப்பீடு −6,000-ஐயும் கூட்டினாலும் அதே −18,000-தான். இரண்டு வழியும் சரி. ஒரு வழியின் பாதியையும் மறு வழியின் பாதியையும் கலப்பதுதான் வம்பு. ரிவர்சலும் செய்யாமல், மறுமதிப்பீட்டையும் இன்வாய்ஸ் நாள் விகிதத்திலிருந்து கணக்கிட்டால் மேலே பார்த்த 83.60 பிறக்கும்.

மொத்த வித்தியாசம்

அடுத்து, மாதத்தின் மொத்த மாற்று வித்தியாசத்தை மென்பொருளை நம்பாமல் நாமே போட்டுப் பார்ப்பது.

```
மொத்த வித்தியாசம் = இறுதி நிலுவை − (ஆரம்ப நிலுவை + இன்வாய்ஸ்கள் − வரவுகள்)
```

ஆரம்ப நிலுவை போன மாதக் கடைசி விகிதத்தில், இறுதி நிலுவை இந்த மாதக் கடைசி விகிதத்தில், மற்றவை அந்தந்த நாளின் விகிதத்தில். மார்ச்சில் 4,92,000 − (0 + 8,00,000 − 3,26,000) = 18,000. ஸ்டேட்மென்ட்டில் 6,000-உம் 12,000-உம் சேர்ந்து 18,000. பொருந்துகிறது. ஏப்ரலில் 4,06,000 − (4,92,000 + 4,12,000 − 4,86,000) = −12,000. ஸ்டேட்மென்ட்டில் −12,000 + 6,000 − 6,000 = −12,000. இதுவும் பொருந்துகிறது.

இங்கேதான் பலர் டிக் அடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நானும் அப்படி எழுந்தவன்தான்.

பிரிவைத் தனியாகச் சோதிக்க வேண்டும்

வேலையில் சேர்ந்த முதல் வருடம், இதே மாதிரி ஒரு கணக்கில் மொத்தம் ஒரு ரூபாய் பிசகாமல் வந்தது. கோப்பை மூடி மேலே அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து என் மேலாளர் கூப்பிட்டு, “பணம் முழுசா வந்த இன்வாய்ஸ் எது தம்பி?” என்று மட்டும் கேட்டார். முதல் இன்வாய்ஸ் என்றேன். “அப்ப லெட்ஜர்ல ஏன் அது இன்னும் திறந்து கிடக்கு?” என்றார். பதில் என்னிடம் இல்லை.

நடந்தது இதுதான். நம் எண்களிலேயே சொல்கிறேன். ஏப்ரல் 20-இல் வந்த 6,000 டாலர் முதல் இன்வாய்ஸின் மீதிக்கானது. அதைப் பதிந்தவர் 5,000-ஐ இன்வாய்ஸ் 2-க்கும் மிச்சம் 1,000-ஐ இன்வாய்ஸ் 1-க்கும் நேர் செய்துவிட்டார் என்று வையுங்கள். இன்வாய்ஸ் 2 போட்டது 82.40-இல், பணம் வந்தது 81.00-இல். ஆக 5,000 டாலருக்கு 7,000 நட்டம். இன்வாய்ஸ் 1-இல் 1,000 டாலருக்கு 1,000 லாபம். கைக்கு வந்தது மொத்தத்தில் 6,000 நட்டம் என்று விழும். மீதி நிற்கும் 5,000 டாலர் இப்போது 80.00-இல் போட்ட இன்வாய்ஸ் 1-ஐச் சேர்ந்தது. அதை 81.20-க்கு மாற்றினால் ஏட்டளவில் 6,000 லாபம்.

சரியான பதிவில் கைக்கு வந்தது +6,000, ஏட்டளவு −6,000. தவறான பதிவில் கைக்கு வந்தது −6,000, ஏட்டளவு +6,000. தலைகீழ்! ஆனால் ரிவர்சலோடு சேர்த்த மொத்தம் இரண்டிலும் −12,000. இறுதி நிலுவை இரண்டிலும் 4,06,000. வகுத்தல் விடை இரண்டிலும் 81.20. இதுவரை செய்த எந்தச் சோதனையும் இந்தத் தவறைக் கண்டுகொள்ளாது. டாலர் கூட்டலும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் டாலர் நிலுவை எப்படியும் 5,000-தான்.

ஆகவே பிரிவைச் சோதிக்க இன்வாய்ஸ் வாரியாக இறங்கித்தான் ஆக வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய பண அறிவிப்பைக் கையில் எடுங்கள். எந்த இன்வாய்ஸுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: டாலர் × (பணம் வந்த நாள் விகிதம் − இன்வாய்ஸ் நாள் விகிதம்). மார்ச் 25-க்கு 4,000 × 1.50 = 6,000. ஏப்ரல் 20-க்கு 6,000 × 1.00 = 6,000. இதன் கூட்டுத்தொகைதான் கைக்கு வந்தது. பிறகு மாதக் கடைசியில் திறந்திருக்கும் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும்: மீதி டாலர் × (இறுதி விகிதம் − இன்வாய்ஸ் நாள் விகிதம்). ஏப்ரலில் 5,000 × (81.20 − 82.40) = −6,000. ஏட்டளவில் நிற்பது இது.

பண அறிவிப்பு இல்லாமல் மொத்தமாகப் பணம் வந்திருந்தால் பழைய இன்வாய்ஸில் தொடங்கி நேர் செய்வது பொதுவான வழக்கம். ஆனாலும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தேதி வாரியாக நிலுவையைக் காட்டும் பட்டியலில் பழைய இன்வாய்ஸ் திறந்தும் புதியது மூடியும் இருந்தால், அது சண்டையில் கிடக்கும் இன்வாய்ஸாக இருக்க வேண்டும், அல்லது தவறாக நேர் செய்ததாக இருக்க வேண்டும். என் மேலாளர் பார்த்தது அதைத்தான்.

ஏப்ரல் கணக்கைப் படிக்கும் விதம்

புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஏப்ரலின் ஏட்டளவு நட்டம் 6,000-ஆ, 18,000-ஆ? இரண்டும்தான், கேள்வியைப் பொறுத்து. ஏப்ரல் 30 அன்று நிலுவையில் ஒளிந்திருக்கும் நட்டம் எவ்வளவு என்றால் 6,000. ஏப்ரல் மாத லாப நட்டத்தில் அன்ரியலைஸ்டு தலைப்பில் எவ்வளவு விழுந்தது என்றால் 18,000. மார்ச்சில் ஏட்டளவில் எடுத்துக்கொண்ட 12,000 லாபத்தை ஏப்ரல் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

முதல் இன்வாய்ஸை மட்டும் பின்தொடர்ந்தால் தெளிவாகும். மார்ச் 31-இல் மீதி 6,000 டாலருக்கு 12,000 லாபம் தெரிந்தது. ஏப்ரல் 20-இல் பணம் 81.00-இல் வந்தது, அதாவது மார்ச் கடைசி விகிதத்தைவிட ஒரு ரூபாய் குறைவு. அந்த 12,000-இல் பாதி நிஜமாகக் கைக்கு வந்தது, பாதி கரைந்துபோனது. கைக்கு வந்த 6,000-ஐ ஏப்ரலின் புது வருமானம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது ஏற்கெனவே மார்ச்சில் எண்ணப்பட்டது. ரிவர்சல் −12,000-உம் இந்த +6,000-உம் சேர்ந்து, முதல் இன்வாய்ஸால் ஏப்ரலுக்கு −6,000. இரண்டாவது இன்வாய்ஸால் இன்னொரு −6,000. மொத்தம் −12,000.

இதனால்தான் ரிவர்சலை அன்ரியலைஸ்டு கணக்கிலேயே போட வேண்டும். அதை ரியலைஸ்டு கணக்கில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மொத்தம் மாறாது, பிரிவு நாசமாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: அன்ரியலைஸ்டு கணக்கை முதல் நாளிலிருந்து கூட்டினால், இன்று திறந்திருக்கும் இன்வாய்ஸ்களின் ஏட்டளவு வித்தியாசம் மட்டும்தான் வர வேண்டும். நம் கணக்கில் +12,000 − 12,000 − 6,000 = −6,000. ஆண்டு முடிவில் லாப நட்டக் கணக்குகள் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பதால், ஆண்டைத் தாண்டும்போது போன ஆண்டின் கடைசித் தொகையைக் கையோடு எடுத்து வந்து சேர்க்க வேண்டும்.

வங்கிக் கட்டணம்

மார்ச் 25-இல் வாடிக்கையாளர் 4,000 டாலர் அனுப்பி, வழியில் வங்கிகள் 20 டாலர் பிடித்துக்கொண்டு 3,980 மட்டும் வந்து சேர்ந்தது என்று வையுங்கள். வங்கிக் கணக்கில் 3,980 × 81.50 = 3,24,370 ரூபாய். இன்வாய்ஸில் 4,000 டாலர் நேர் செய்யப்படுகிறது, அதன் புத்தக மதிப்பு 3,20,000. அவசரக்காரர் இரண்டையும் கழித்து 4,370 மாற்று லாபம் என்று எழுதுவார். உண்மையில் மாற்று லாபம் 6,000, வங்கிக் கட்டணம் 1,630. மேலே சொன்ன இன்வாய்ஸ் வாரி வரியைப் போட்டிருந்தால் 6,000 என்று வந்து, 1,630 வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். அதை 81.50-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண்ணாக 20 டாலர் என்று வந்தால், அது விகிதத்தால் வந்ததல்ல, யாரோ பிடித்த கட்டணம்.

மறுமதிப்பீடு செய்யக் கூடாதவை

வாடிக்கையாளர் கணக்கில் வரவு நிலுவை, அதாவது அவர் முன்பணமாகக் கொடுத்தது இருந்தால் கவனம். பொருளோ சேவையோ தந்து தீர்க்க வேண்டிய முன்பணம் பண இனம் அல்ல. அதை வாங்கிய நாளின் விகிதத்திலேயே விட்டுவிட வேண்டும், மாதக் கடைசியில் தொடக் கூடாது. மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. கணக்கில் டாலர் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடும். ஆகவே முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பதே பாதுகாப்பு. வகுத்தல் சோதனையைப் போடும்போதும் அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒப்பந்தம் ரத்தாகி, பணமாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஆகிவிட்டால் கதை மாறுகிறது. அன்றிலிருந்து அது பண இனம், மறுமதிப்பீட்டுக்கு உள்ளே வரும்.

டாலர் வங்கிக் கணக்கு என்றால்

டாலர் பத்தி, வகுத்தல், மொத்த வித்தியாசம் ஆகிய மூன்றும் வங்கிக் கணக்குக்கும் அப்படியே பொருந்தும். பிரிவுதான் அங்கே இழுபறி. வங்கியில் இன்வாய்ஸ் மாதிரி தனித்தனி இனம் கிடையாது, எல்லா டாலரும் ஒரே குவியல். வெளியே போன 3,000 டாலர் எந்த நாள் வந்த டாலர் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் முதலில் வந்தது முதலில் போனது என்றோ, சராசரி விகிதம் என்றோ ஒரு வழியை அலுவலகம் தேர்ந்திருக்கும். சரிபார்க்க உட்காரும் முன் அது எந்த வழி என்று கேட்டுக்கொண்டு, போன ஆண்டுக் கோப்பிலும் அதே வழிதானா என்று புரட்டிப் பாருங்கள். வழி நடுவில் மாறியிருந்தால் மொத்தம் அசையாது, ரியலைஸ்டு தொகை மட்டும் காரணமில்லாமல் துள்ளியிருக்கும்.